போர்டு படத்திலிருந்து வேலைப் பட்டியல்

கூட்டம் முடிந்ததும் ஒருவர் போனை எடுத்து போர்டைப் படம் பிடிப்பார். படம் வாட்ஸ்அப் குழுவுக்குப் போகும். நாலைந்து பேர் கட்டைவிரலைக் காட்டுவார்கள். பிறகு அங்கே இருப்பவர்களில் இளையவரைப் பார்த்து, "இதை லிஸ்ட் போட்டு அனுப்பிடுப்பா" என்பார் பெரியவர். இந்த அத்தியாயம் அந்த இளையவருக்கு.

உதாரணத்துக்கு ஒரு போர்டை வைத்துக்கொண்டு பேசுவோம். திருப்பூரில் நடுத்தர அளவுள்ள ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மார்ச் 11, செவ்வாய்க்கிழமை, புரொடக்‌ஷன் மீட்டிங். ஆர்டர், ஆண்களுக்கான வட்டக் கழுத்து டி-சர்ட். நேவி, கிரே மெலாஞ்ச் என்று இரண்டு நிறம். 180 ஜி.எஸ்.எம். சிங்கிள் ஜெர்சி துணி. முக்கால் மணி நேரப் பேச்சுக்குப் பிறகு போர்டில் மிஞ்சியது இவ்வளவுதான்:

நேவி – பி ஓகே (சுற்றி வட்டம்)
டையிங் – எம்.கே.
கிரே ??
180 → 175
லேபிள் – எஸ்
பி.பி. வெள்ளி 12/3
கட்டிங் (அதிலிருந்து பி.பி.யை நோக்கி ஒரு அம்பு)
கார்ட்டன் 5 பிளை (5 அடிக்கப்பட்டு, மேலே 7)
பேமென்ட் பேசணும்
இ.எஸ்.ஐ. லிஸ்ட் (ஓரத்தில், மங்கலாக)

அறையில் இருந்தவர்களுக்கு அன்று மாலை வரை இது முழுக்கப் புரியும். வியாழக்கிழமை பாதிதான் புரியும். ஆகவே பட்டியல் போடும் வேலையை அன்றைக்கே முடித்துவிட வேண்டும்.

படம் எடுக்கும்போது

ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். வழுவழுப்பான போர்டில் ஃபிளாஷ் பட்டால் நடுவில் ஒரு வெள்ளைத் திட்டு விழும், அதற்கடியில் இருக்கும் எழுத்து போய்விடும். டியூப் லைட்டும் இதைச் செய்யும். நேருக்கு நேர் நின்றால் விளக்கு தெரிகிறது என்றால், ஓரடி பக்கவாட்டில் நகர்ந்து சற்றுச் சாய்வாக எடுங்கள். படம் கோணலாக இருந்தால் பரவாயில்லை, எழுத்து தெரிய வேண்டும். முழு போர்டும் தெரியும்படி ஒன்று, பிறகு இடமிருந்து வலமாக ஒன்றின் ஓரம் மற்றொன்றில் வரும்படி மூன்று நான்கு நெருக்கமான படங்கள். எது எதற்குப் பக்கத்தில் இருந்தது என்பதை முழுப்படம் சொல்லும். என்ன எழுதியிருந்தது என்பதை நெருக்கமான படம் சொல்லும்.

ஸ்கேன் செய்யும் ஆப்கள் படத்தை நேராக்கி, பின்னணியைப் பளிச்சென்று வெள்ளையாக்கிக் கொடுக்கும். அழகாகத்தான் இருக்கும். ஆனால் மஞ்சள், ஆரஞ்சு, தீர்ந்துபோகும் நிலையில் இருந்த பச்சை மார்க்கர் எல்லாம் அந்த வெளுப்பில் காணாமல் போகலாம். அரைகுறையாக அழித்த எழுத்தின் தடமும் போய்விடும். அதனால் மூலப் படத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அளவு சுருங்கி, பெரிதாக்கிப் பார்க்கையில் எழுத்து மசங்கும். டாக்குமென்டாக அனுப்பினால் அப்படியே போய்ச் சேரும்.

முதலில் படியெடுங்கள்

படத்தைப் பார்த்ததும் நேராகப் பட்டியல் எழுதத் தோன்றும். அந்த ஆசையைச் சற்று அடக்குங்கள். போர்டில் இருப்பதை உள்ளபடியே முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு கீறலுக்கும் ஒரு எண். வட்டம், அம்பு, அடித்தல், கேள்விக்குறி, மார்க்கரின் நிறம் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். படிக்க முடியாததை ஊகித்து நிரப்பாமல், படிக்க முடியவில்லை என்றே எழுதுங்கள்.

இப்படிச் செய்வதற்குக் காரணம் இருக்கிறது. பட்டியலை நேரடியாக எழுதுகிறவர் தனக்குப் புரிந்ததை மட்டும்தான் எழுதுவார். புரியாதது அவர் கண்ணில் படாமலே நழுவும். நம் போர்டில் '180 → 175' என்பதும் 'கிரே ??' என்பதும் அப்படி நழுவக்கூடியவை. இரண்டிலும் வினைச்சொல்லே இல்லை, பார்த்தால் வேலை மாதிரித் தெரியாது. ஆனால் ஆர்டரே அவற்றில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

படியெடுத்த பிறகு ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே அது வேலையா, முடிவா, தகவலா, கேள்வியா, பழைய மிச்சமா என்று எழுதுங்கள். 'இ.எஸ்.ஐ. லிஸ்ட்' மங்கலாக, வேறு நிறத்தில், ஓரமாக இருக்கிறது. யாரோ அழிக்கப் பார்த்திருக்கிறார்கள். போன வாரத்து மிச்சமாக இருக்கலாம். என்றாலும் அதை விட்டுவிடும் முன் ஒருவரைக் கேட்டுவிடுங்கள். எழுதி ஒரு வாரமான கோட்டை யாரும் அழிக்கவில்லை என்றால், அந்த வேலையையும் யாரும் முடிக்கவில்லை என்று அர்த்தமாக இருக்கலாம்.

முடிவு என்று நீங்கள் குறித்தவற்றை இன்னொரு தடவை பாருங்கள். வட்டம் போட்ட 'நேவி – பி ஓகே' ஒரு முடிவு. நேவி நிறத்துக்கு டையிங் யூனிட் சாயமேற்றிக் கொடுத்த சிறு துணித் துண்டுகள்தான் லேப் டிப். ஏ, பி, சி என்று அனுப்பியதில் பையர் பி-யைத் தேர்ந்திருக்கிறார். எல்லோருக்கும் சந்தோஷம், வட்டம் போட்டாயிற்று. ஆனால் டையிங் யூனிட்டுக்கு யார் சொல்வது? போர்டில் அது இல்லை. முடிவு ஒவ்வொன்றுக்கும் அடியில் 'இதை யாருக்குச் சொல்ல வேண்டும்' என்ற வேலை ஒன்று ஒளிந்திருக்கும். கார்ட்டனும் அப்படித்தான். ஐந்தை அடித்து ஏழு என்று எழுதியதோடு கூட்டத்துக்கு அந்த விஷயம் முடிந்தது. பெட்டி செய்பவருக்கு ஐந்து பிளை என்று ஏற்கெனவே சொல்லியிருந்தால், அவர் அதைத்தான் செய்துகொண்டிருப்பார்.

பக்கத்தில் இருக்கும் பெயர்

பட்டியல் போடுகிறவர்கள் அதிகம் சறுக்குவது இந்த இடத்தில்தான், ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம். ஒரு வேலைக்குப் பக்கத்தில் ஒரு பெயர் இருந்தால் அவர்தான் பொறுப்பு என்று எடுத்துக்கொள்வது இயல்பு. போர்டில் எழுதுகிறவர் அந்த அர்த்தத்தில் மட்டும் பெயர் எழுதுவதில்லை. அந்த விஷயத்தை எழுப்பியவர் பெயராக இருக்கலாம். அவரிடம் கேட்க வேண்டும் என்பதற்காக எழுதியிருக்கலாம். அவரால் தாமதமாகிறது என்ற புகாராகவும் இருக்கலாம். நான்கிலும் எழுத்து ஒன்றுதான், ஒரு கோடும் ஒரு பெயரும்.

'டையிங் – எம்.கே.' என்பதைப் பாருங்கள். எம்.கே. யார் என்று விசாரித்தால், அவர் டையிங் யூனிட்டின் முதலாளி. நிறுவனத்துக்கு வெளியே இருப்பவர், கூட்டத்தில் உட்காரவே இல்லை. வெளியாள் ஒருவர் உங்கள் பட்டியலில் பொறுப்பாளராக முடியாது. அவர் உங்கள் பட்டியலைப் பார்க்கப் போவதும் இல்லை. அவரிடமிருந்து வேலையை வாங்க வேண்டிய உள்ளாள் யார் என்று பார்த்து அவர் பெயரைப் போட வேண்டும். இந்த இடத்தில் அது துணிப் பொறுப்பாளர். வேலையின் வாசகமும் மாறிவிடுகிறது. 'டையிங்' என்பது எம்.கே.யின் வேலை. 'பி ஓகே என்று எழுத்தில் தெரிவித்து, நேவி துணி வரும் தேதியை வாங்குவது' துணிப் பொறுப்பாளரின் வேலை.

'லேபிள் – எஸ்' இன்னும் சிக்கலானது. இந்த நிறுவனத்தில் எஸ் என்ற எழுத்தில் பெயர் தொடங்குகிறவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஸ்டோர் பார்க்கிறார், மற்றவர் சாம்பிள் பிரிவு. லேபிள் ஸ்டோரில் இருப்பது, ஆகவே ஸ்டோர்காரர்தான் என்று தீர்மானித்துவிடலாம் போலிருக்கும். சாம்பிளுக்கும் லேபிள் வேண்டும், அதனால் மற்றவராகவும் இருக்கலாம். மூன்றாவது ஒன்றும் உண்டு. டி-சர்ட்டில் எஸ் என்பது ஸ்மால் சைஸ். மெர்ச்சண்டைசரைக் கேட்டால் சொல்லிவிடுவார்: எஸ் சைஸ் லேபிள் குறைவாக வந்திருக்கிறது. அது பெயரே இல்லை. ஊகித்து ஒருவர் பெயரைப் போட்டிருந்தால், அவர் "எந்த லேபிள்?" என்று விழித்திருப்பார், அல்லது கேட்காமலே எல்லா லேபிளையும் எண்ணத் தொடங்கியிருப்பார்.

இதைக் கண்டுபிடிக்கச் சில தடயங்கள் உண்டு. பெயரும் வேலையும் ஒரே மார்க்கரில், ஒரே கையெழுத்தில் இருக்கின்றனவா, இல்லை பெயர் பின்னால் வேறு நிறத்தில் சேர்ந்ததா என்று பாருங்கள். பின்னால் சேர்ந்த பெயர் பெரும்பாலும் "சரி, இதை யார் பார்க்கிறது?" என்ற கேள்விக்கு வந்த பதில், அதை நம்பலாம். கூடவே எழுதிய பெயர் பேச்சில் அடிபட்ட பெயராக இருக்க வாய்ப்பு அதிகம். தடயம் போதாவிட்டால் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: இது நடக்கவில்லை என்றால் அடுத்த செவ்வாய்க்கிழமை எல்லோரும் யார் முகத்தைப் பார்ப்பார்கள்? ஒரே முகம் தோன்றினால் அவர்தான், ஆனாலும் அவரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். இரண்டு முகம் தோன்றினால் பொறுப்பு இன்னும் பிரியவில்லை.

எந்த வழியிலும் தெரியவில்லை என்றால் இடத்தைக் காலியாக விடுங்கள். இது சோம்பேறித்தனமாகப் படும், நிரப்பிவிடக் கை துறுதுறுக்கும். ஆனால் தப்பாக நிரப்பிய பெயரை யாரும் கவனிப்பதில்லை. காலியாக இருக்கும் இடத்தை எல்லோரும் கவனிப்பார்கள். 'பேமென்ட் பேசணும்' இப்படிக் காலியாக நிற்க வேண்டிய ஒன்று. யார் பேசணும், யாரிடம், வர வேண்டிய பணமா கொடுக்க வேண்டியதா, ஒன்றும் தெரியாது. பண விஷயத்தில் யாருக்கும் தாமாக முன்வந்து பெயர் கொடுக்கப் பிடிக்காது. போர்டில் பெயர் இல்லாமல் நின்றதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

பெயருக்குப் பதில் பிரிவின் பெயர் இருந்தாலும் அதைக் காலியிடமாகவே எண்ணுங்கள். 'சாம்பிளிங்' என்று ஒரு ஆள் இல்லை. இரண்டு பேர் பெயர் சேர்ந்து இருந்தால், யார் பதில் சொல்வார் என்று கேட்டு ஒருவரை முன்னால் போடுங்கள், மற்றவர் உதவிக்கு.

தேதி, எண், அம்பு

'பி.பி. வெள்ளி 12/3' என்பதில் 12/3 தேதி மாதிரி இருக்கிறது. ஆனால் மார்ச் 12 புதன்கிழமை, வெள்ளி 14. இரண்டும் முட்டுகின்றன. போர்டில் ஒரே வரியில் இரண்டு தேதி முட்டினால் ஒன்று தேதியே இல்லை என்று சந்தேகப்படுங்கள். கேட்டால் தெரிகிறது: மூன்று சைஸில் மொத்தம் 12 பீஸ். கிழமையை மட்டும் எழுதியிருந்தால் உடனே தேதியாக்கிவிடுங்கள். பட்டியலை ஒருவர் வெள்ளிக்கிழமை காலையில் திறந்து பார்த்தால், 'வெள்ளி' என்பது இன்றா அடுத்த வாரமா என்று குழம்புவார்.

அம்பு இன்னும் மோசம். 'கட்டிங்'கிலிருந்து பி.பி.க்குப் போகும் அம்பு எதைச் சொல்கிறது? கட்டிங் முடிந்து பி.பி.யா, பி.பி.க்காகக் கட்டிங் காத்திருக்கிறதா? இங்கே தொழில் தெரிந்திருப்பது உதவும். பி.பி. சாம்பிள் என்பது உற்பத்திக்கான அதே துணியிலும் அதே லேபிளிலும் தைத்து பையருக்கு அனுப்பும் மாதிரி. அதற்கு ஒப்புதல் வந்த பிறகுதான் மொத்தத் துணியில் கத்தி வைப்பார்கள். ஆகவே அம்பு காத்திருத்தலைத்தான் சொல்கிறது. தொழில் தெரியாதவர் பட்டியல் போட்டால், அம்பின் திசையை நம்பி, கட்டிங் முதலில் என்று எழுதிவிடக்கூடும்.

இப்போது '180 → 175'. இதற்கும் இரண்டு பொருள் உண்டு. 180 ஜி.எஸ்.எம். என்ற நிர்ணயத்தை 175 ஆகக் குறைப்போம் என்று பேசினார்களா, அல்லது 180 வர வேண்டிய துணி 175 தான் வந்திருக்கிறதா? முதலாவது முடிவு, இரண்டாவது பிரச்சினை. பொறுப்பாளரும் வேறு வேறு. மெர்ச்சண்டைசர் சொல்கிறார்: வட்ட கட்டரால் 100 சதுர செ.மீ. வெட்டி எடை போட்டதில் 1.75 கிராம் வந்தது, நூறால் பெருக்கினால் 175. ஆக, வந்ததே அப்படி. பல பையர்கள் 5 சதவீதம் வரை ஏற்றுக்கொள்வார்கள், அந்தக் கணக்கில் 171 வரை போகலாம். ஆனால் இந்த பையரின் எல்லை என்ன என்பதை ஆர்டர் தாளில்தான் பார்க்க வேண்டும்.

எடை போட்டது எந்தத் துணி? நேவிக்கு இன்றுதான் பி ஓகே ஆகியிருக்கிறது, மொத்தச் சாயம் இனிமேல்தான். கிரே மெலாஞ்ச் அப்படி அல்ல. பஞ்சிலேயே நிறம் கலந்து நூற்ற நூலை நிட்டிங் செய்வதால் சாயப் பட்டறையில் காத்திருக்க வேண்டியதில்லை, முன்னதாகவே கைக்கு வந்துவிடும். எனவே 175 வந்தது கிரே. 'கிரே ??' என்ற தனிக் கீறலும் இதைத்தான் கேட்கிறது. இரண்டு எண்ணுக்கும் ஒரே வேலை.

இங்கே ஒரு நல்ல காரியம் நடக்கிறது. வேலைகளைத் தேதி வாரியாக அடுக்கும்போது, கூட்டத்தில் யாரும் கவனிக்காத முரண் வெளியே வருகிறது. பி.பி. உற்பத்தித் துணியில் தைக்க வேண்டும். செவ்வாயன்று ஓகே ஆன நேவி வெள்ளிக்குள் சாயமேறி, உலர்ந்து, காம்பாக்டிங் முடிந்து வருவது நடக்கிற காரியம் இல்லை. வெள்ளியன்று பி.பி. அனுப்ப வேண்டுமானால் கிரேயில்தான் தைக்க முடியும். அந்த கிரேயோ 175 என்று கேள்விக்குறியோடு நிற்கிறது. ஆக, பையரிடம் இரண்டு விஷயம் கேட்க வேண்டியிருக்கிறது: 175 சம்மதமா, பி.பி.யை ஒரு நிறத்தில் மட்டும் அனுப்பலாமா. போர்டில் இந்த இரண்டாவது கேள்வி எங்கேயும் இல்லை. பட்டியல் போடுகிறவர் கண்டுபிடித்தது அது. ஆனால் அதை அவரே தீர்மானித்து வேலையாக எழுதிவிடக் கூடாது. கேள்வியாக எழுப்ப வேண்டும்.

வரியை எழுதுவது

ஒரு வேலையின் வரியில் நான்கு விஷயம் இருந்தால் போதும். என்ன செய்ய வேண்டும், முடிந்தது என்று எதை வைத்துத் தெரியும், யார், எந்தத் தேதி. இரண்டாவதைத்தான் பலர் விட்டுவிடுவார்கள். 'லேபிள் பார்ப்பது' என்று எழுதினால் பார்த்தாயிற்று என்று ஒருவர் சொல்லிவிட முடியும். 'எத்தனை குறைகிறது என்று எண்ணி, மீதிக்கு ஆர்டர் போட்டு, வரும் தேதியைச் சொல்வது' என்றால் அப்படிச் சொல்ல முடியாது. நம் போர்டு கடைசியில் இப்படி ஆகிறது. உண்மையான பட்டியலில் ஆட்களின் பெயர் இருக்கும், இங்கே பதவியைப் போட்டிருக்கிறேன்.

பதில் வேண்டியவை
அ. பேமென்ட் பற்றி யாரிடம் பேசுவது, யார் பேசுவது?
ஆ. பி.பி.யை கிரேயில் மட்டும் அனுப்பலாமா? நேவி துணி வெள்ளிக்குள் வராது. (மெர்ச்சண்டைசர் பார்வைக்கு)
இ. இ.எஸ்.ஐ. லிஸ்ட் முடிந்ததா?

வேலைகள்
1. கிரே துணி 175 வந்திருப்பதைப் பையருக்கு எழுதி ஒப்புதல் வாங்குவது – மெர்ச்சண்டைசர் – மார்ச் 12, புதன்
2. லேப் டிப் பி ஓகே என்று டையிங் யூனிட்டுக்கு எழுத்தில் தெரிவித்து, நேவி துணி வரும் தேதியை வாங்குவது – துணிப் பொறுப்பாளர் – மார்ச் 12, புதன்
3. கார்ட்டன் 7 பிளை என்று பெட்டி செய்பவருக்குச் சொல்லி, புதிய விலை வாங்குவது – பர்ச்சேஸ் பொறுப்பாளர் – மார்ச் 12, புதன்
4. எஸ் சைஸ் லேபிள் எத்தனை குறைகிறது என்று எண்ணி, மீதிக்கு ஆர்டர் போட்டு, வரும் தேதியைச் சொல்வது – ஸ்டோர் பொறுப்பாளர் – மார்ச் 13, வியாழன்
5. பி.பி. சாம்பிள், 3 சைஸ், 12 பீஸ், கூரியரில் போட்டு ரசீது எண்ணைக் குழுவில் போடுவது – சாம்பிள் பொறுப்பாளர் – மார்ச் 14, வெள்ளி (1-ம் ஆ-வும் முடிந்தால்)

முடிவு
பி.பி. ஒப்புதல் வரும்வரை மொத்தக் கட்டிங் கிடையாது. கட்டிங் மாஸ்டருக்கு மெர்ச்சண்டைசர் இன்றே சொல்வார்.

கேள்விகளை மேலே போட்டிருப்பதற்குக் காரணம் உண்டு. வாட்ஸ்அப்பில் நீண்ட செய்தியின் முதல் சில வரிகள்தான் கண்ணில் படும், மீதி 'மேலும் வாசிக்க' என்பதற்குள் போய்விடும். தெளிவான வேலைகள் உள்ளே இருந்தாலும் அவற்றுக்குரியவர்கள் தேடிப் படிப்பார்கள். உரியவர் இல்லாத கேள்வியைத் தேடிப் போய் யாரும் படிக்க மாட்டார்கள். 1, 2, 3, 4 எண்களின் தேதிகள் போர்டில் இல்லாதவை. அவற்றை நீங்களாகப் போடாமல் உரியவரிடம் கேட்டுப் போட வேண்டும். கேட்க முடியாவிட்டால் தேதிக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போதும்.

அனுப்புவது

"திருத்தம் இருந்தால் சொல்லவும்" என்று கீழே எழுதி அனுப்புவது வழக்கம். யாரும் சொல்ல மாட்டார்கள். மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டால், அடுத்த வாரம் "என் பெயர் அதில் இருந்ததே எனக்குத் தெரியாது" என்று ஒருவர் சொல்வார். அதற்குப் பதில், ஒவ்வொருவரும் தங்கள் எண்ணை மட்டும் திருப்பிப் போடச் சொல்லுங்கள். "4 சரி", "2 சரி, ஆனால் வியாழன்" என்று வந்தால் போதும். கட்டைவிரலைப் பதிலாகக் கணக்கில் எடுக்காதீர்கள், பட்டியலைத் திறக்காமலும் அதை அழுத்தலாம்.

உங்களைவிட மூத்தவருக்கு வேலை ஒதுக்குவது போல் ஒரு பட்டியலை அனுப்பச் சிலருக்குக் கூச்சமாக இருக்கும். கட்டிங் மாஸ்டர் இருபது வருஷமாக அங்கே இருக்கிறார், நீங்கள் சேர்ந்தே ஆறு மாதம்தான். குழுவில் போடும் முன் அவரிடம் நேரில் போய், "அண்ணே, பி.பி. வரும்வரை கட்டிங் நிறுத்தி வைக்கணும்னு போர்டுல இருந்துச்சு. அப்படியே எழுதட்டுங்களா?" என்று கேட்டுவிடுங்கள். அவர் சரி என்பார், அல்லது "தம்பி, கிரேல ரிப் மட்டும் இன்னிக்கே வெட்டியாச்சே" என்பார். இரண்டாவது பதில் வந்தால், மெர்ச்சண்டைசருக்கு உடனே போன் போடுங்கள்.

மாலைக்குள் பதில் வராத எண்களுக்கு நேரில் கேளுங்கள் அல்லது போன் செய்யுங்கள். அப்படியும் பெயர் கிடைக்காத வரி, இங்கே பேமென்ட், கூட்டத்தை நடத்தியவரிடம் தனியாகப் போக வேண்டும். பெயர் சொல்லும் அதிகாரம் அவருக்குத்தான் உண்டு. அவரும் சொல்லவில்லை என்றால் அந்த வரியை அழிக்காமல், காலியிடத்தோடு, அடுத்த செவ்வாய்ப் பட்டியலின் முதல் வரியாக ஏற்றிக்கொள்ளுங்கள். மூலப் படங்களை `2025-03-11-board-1.jpg` என்பதுபோல் தேதி வைத்துச் சேமியுங்கள், படியெடுத்த தாளையும் அதோடு படம் பிடித்து வைத்துவிடுங்கள். "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்று யாராவது கேட்டால், எந்த வரி எந்தக் கீறலிலிருந்து வந்தது என்று அதைத் திறந்து காட்டலாம்.